குதிகாலில் கருப்புத் திட்டு: கால் ஆணிதானா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மாந்தோப்பில் வெறுங்காலோடு நடப்பவர். இடது குதிகாலில் ஒன்றரை வருடமாக ஒரு கருப்புத் திட்டு. புளியங்கொட்டை அளவில் இருந்தது, இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவு. வலி இல்லை. கால் ஆணி என்று மெடிக்கலில் கொடுத்த கார்ன் கேப் ஒட்டுகிறார். என் உள்ளங்கையிலும் சின்ன வயதிலிருந்தே நாலைந்து பழுப்புப் புள்ளிகள் உண்டு. யூடியூப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராது என்கிறார் அப்பா. உண்மையா டாக்டர்?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: உங்கள் கையை விடுங்கள். மாநிறத்தவர் பலருக்கும் அப்படிப் புள்ளிகள் இருக்கும். வருடக்கணக்கில் மாறாமல் இருப்பவை ஒன்றும் செய்யாது. யூடியூபையும் மூடிவிடுங்கள்.

அப்பாவை இந்த வாரமே தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கார்ன் கேப்பை இன்றே எடுத்துவிடுங்கள். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் தோலை ஊறவைத்து உரித்து, திட்டின் உருவத்தையே கெடுத்துவிடும்.

அப்பா சொல்வது பாதிதான் சரி. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்குக் குறைவு. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் அக்ரல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு வெயில் காரணமில்லை. கருத்த தோல் அதைத் தடுக்காது. நம் நிறத்தவருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் அது இந்த இடங்களில்தான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். குதிகாலில் முள் குத்திய கருப்பு என்று வீட்டில் மஞ்சள் பூசினார்கள். பிறகு ஒரு மருத்துவர் ஆணி என்று செதுக்கினார், இன்னொருவர் ஆறாத புண் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். 14 மாதம் ஓடியது. தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகே என்னிடம் வந்தார். அந்த நெறியிலும் புற்று பரவியிருந்தது. புண்ணைச் சுற்றி ஒழுங்கில்லாத கருப்பு விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. அதுவரை யாரும் காலைக் கழுவி, வெளிச்சத்தில் பார்க்கவில்லை. வலிக்காததால் அவரும் அவசரப்படவில்லை.

நீங்கள் முக்கியமாகப் பயப்பட வேண்டிய அடையாளம் இது: பெரியவரானபின் புதிதாக வந்து, வளர்ந்துகொண்டே போகும் ஒற்றைத் திட்டு. 7 மில்லிமீட்டரைத் தாண்டினால், ஓரிடம் கருப்பு, ஓரிடம் பழுப்பு என்று நிறம் கலைந்தால் சந்தேகம் இன்னும் கூடும். முள் குத்தி உறைந்த ரத்தமாக இருந்தால் தோல் உரிய உரிய சில வாரங்களில் மறைந்திருக்கும். ஒன்றரை வருடம் வளர்ந்திருக்காது.

மருத்துவர் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கால் ரேகையில் வரப்பும் பள்ளமும் மாறி மாறி இருக்கும். சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவில் வரப்பின் மேல் ஏறி நிற்கும். சந்தேகம் வந்தால் திசுவை வெட்டி எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் முடிவு சொல்லும். கத்தி பட்டால் பரவும் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய். தள்ளிப்போடும் நாட்களில்தான் அது ஆழம் இறங்குகிறது. ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது பிடித்துவிட்டால், சுற்றிலும் சுமார் 1 சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டி எடுப்பதே பலருக்குப் போதும்.

போகும் முன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய போட்டோ இருந்தால் கொண்டுபோங்கள். நகங்களையும், தொடை இடுக்கில் நெறி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.