டெஸ்டர் ரெஸ்யூமேயில் 340 டிபெக்ட்: அந்த எண்ணை எப்படி எழுதுவது?

"அக்கா, சென்னையில் ஆறு வருஷம் டெஸ்டிங் பார்த்தேன். கணவருக்கு மலேசியாவில் குலிமில் வேலை, நானும் டிப்பெண்டன்ட் பாஸில் சுங்கை பட்டாணி வந்துவிட்டேன். ரெஸ்யூமேயில் '1,200 டெஸ்ட் கேஸ், 340 டிபெக்ட், செலினியம், எல்லா ரிலீஸும் வெற்றி' என்று போட்டுக் குலிமுக்கும் பினாங்குக்கும் அனுப்புகிறேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. எதை மாற்றணும்?"

தங்கச்சி, நானும் ஊரிலிருந்து வந்து இந்தத் தோட்டத்து ஊரிலேயே தங்கிவிட்டவள்தான். இப்போது குலிமில் டெஸ்ட் லீட். ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமேக்களை முதலில் சலித்துக் கொடுப்பது நான். அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து எப்படிப் படிக்கிறோம் என்று சொல்கிறேன்.

அந்த 340-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எழும் முதல் கேள்வி, இதில் எத்தனையை டெவலப்பர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்பது. ஒரே பிழையை மூன்று திரைகளில் பார்த்து மூன்றாகப் பதிவு செய்தாலும் எண்ணிக்கை ஏறும். எழுத்துப் பிழையும் ஒன்றுதான், பணம் இரண்டு முறை போவதும் ஒன்றுதான். ஆறு வருஷத்து மொத்தத்தைப் போடுவதைவிட ஒரே ஒரு மாட்யூலை எடுத்து அதன் கணக்கை முழுசாகக் காட்டுங்கள்.

நீங்கள் ஒரு கல்லூரியின் கட்டணம் செலுத்தும் மாட்யூலைத் தனியாகப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரிலீஸில் 96 டிபெக்ட் பதிவு செய்தீர்கள். அதில் 21 டூப்ளிகேட் என்றோ மறுபடி வரவைக்க முடியவில்லை என்றோ திரும்பி வந்தன. மீதி 75 ஏற்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டன. ரிலீஸுக்குப் பிறகு முதல் 30 நாளில் பயனர்கள் 5 பிழை கண்டுபிடித்தார்கள். ஆக மொத்தம் இருந்ததாகத் தெரிந்தது 80, அதில் 75 வெளியே போகும் முன்பே பிடிபட்டன. 75-ஐ 80-ஆல் வகுத்தால் 93.75, அதாவது சுமார் 94 சதவீதம். இதைத்தான் டிபெக்ட் ரிமூவல் எபிஷியன்ஸி என்கிறோம். 340 சொல்லாததை இந்த ஒரு வரி சொல்லிவிடும்.

இதில் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே மாட்யூல், ஒரே ரிலீஸ், ஒரே ஆட்களுடையதாக இருக்க வேண்டும். உங்கள் மாட்யூலில் வேறொரு டெஸ்டரும் இருந்திருந்தால், அவர் பிடித்தவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 'இருவர் குழுவில்' என்று எழுதுங்கள். எத்தனை நாள்வரை வந்த பிழைகளை எண்ணினீர்கள் என்பதையும் எழுதுங்கள். 30 நாளுக்கும் 90 நாளுக்கும் விடை மாறும். 100 சதவீதம் என்று யாராவது போட்டிருந்தால், ரிலீஸுக்குப் பிறகு யாரும் எண்ணவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்டர்வியூவில் 75-ஐ விட்டுவிட்டு அந்த 5-ஐத்தான் கேட்போம். எப்படித் தப்பின? அதில் மூன்று பிழைகள் பழைய ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் வந்தன, அந்த வெர்ஷன் டெஸ்ட் பட்டியலிலேயே இல்லை, அடுத்த ரிலீஸிலிருந்து சேர்த்தோம் என்று உங்களால் சொல்ல முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

டெஸ்ட் கேஸ் எண்ணிக்கைக்கு அவ்வளவு இடம் வேண்டாம். 1,200-இல் நீங்களாக எழுதியது எவ்வளவு, மற்றவர் எழுதியதை ஓட்டிப் பார்த்தது எவ்வளவு என்று பிரித்தால் போதும். பிறகு ஒரு நல்ல கேஸை இரண்டு வரியில் காட்டுங்கள். நெட்வொர்க் இழுக்கும்போது 'பே' பொத்தானை இரண்டு முறை தட்டினால் இரண்டு தடவை பணம் போகிறதா என்று பார்த்தது, போனதைப் பிடித்தது, ஒரே பரிவர்த்தனை எண்ணோடு வரும் இரண்டாவது கோரிக்கையை சர்வர் நிராகரிக்கும்படி மாற்றியது. இது யோசித்து எழுதும் ஆள் என்று புரிந்துவிடும்.

அப்புறம் ஆட்டோமேஷன். 'செலினியம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை, எல்லா ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. ரெக்ரெஷனில் 260 கேஸ் இருந்தன, அதில் 170-ஐ ஜாவாவில் எழுதி டெஸ்ட்என்ஜி வழியாக ஜென்கின்ஸில் இரவுதோறும் ஓடவிட்டோம், இரண்டு பேர் இரண்டு நாள் செய்தது 50 நிமிடமாகிவிட்டது என்கிற மாதிரி உங்கள் உண்மைக் கணக்கை வையுங்கள். மீதி 90-ஐ ஏன் விட்டீர்கள் என்பதையும் தயாராக வைத்திருங்கள். ஓடிபி போனுக்கு வர வேண்டும், ரசீது அச்சில் எப்படித் தெரிகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் நல்ல காரணங்கள்.

ஆட்டோமேஷனில் நாங்கள் தோண்டுவது பொய்த் தோல்விகளை. கோடில் ஒரு வரிகூட மாறாமல் அதே பில்டை இரண்டாம் முறை ஓட்டினால் பாஸ் ஆகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் ஸ்கிரிப்டில் இருக்கிறது. பல இடங்களில் காரணம் `Thread.sleep` தான். மூன்று விநாடி காத்திரு என்று எழுதியிருப்பார்கள், திரை வர நான்கு விநாடி ஆகும். அதை எடுத்துவிட்டு, பொத்தான் தட்டும் நிலைக்கு வரும்வரை காத்திருக்கும்படி `WebDriverWait` வைத்திருந்தால், முன்பு ஓர் இரவில் எத்தனை பொய்த் தோல்வி, பின்பு எத்தனை என்று எழுதுங்கள். நான் அந்த வரியைப் பார்த்தால் உடனே கூப்பிடுவேன்.

'எல்லா ரிலீஸும் வெற்றி' என்பதை எடுத்துவிடுங்கள். அவசரத் திருத்தம் எத்தனை போனது என்பதே போதும். முந்தைய ஆறு ரிலீஸில் 5 ஹாட்பிக்ஸ், பிந்தைய ஆறில் 1 என்றால் அதை எழுதி, இடையில் நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். ரெக்ரெஷனைச் சீக்கிரம் ஓட்ட ஆரம்பித்தீர்களா, தீவிரமான பிழை ஒன்று திறந்திருந்தபோது ரிலீஸைத் தள்ளச் சொன்னீர்களா? டெவலப்பர்களும் கோட் ரிவ்யூவைக் கடுமையாக்கியிருக்கலாம். அதனால் 'குழுவாகக் குறைத்தோம், என் பங்கு இது' என்று எழுதுவதே நியாயம்.

இங்கே உள்ள டேட்டாவையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலருக்கு அடையாள அட்டையில் பெயரோடு, இன்னாரின் மகன் அல்லது மகள் என்பதைக் குறிக்க, `A/L` அல்லது `A/P` என்று சாய்கோடும் சேர்ந்தே இருக்கும். நம் தாமான் பக்கத்து கிளினிக் ஒன்றில் பதிவுத் திரை அந்தச் சாய்கோட்டை ஏற்கவில்லை. கவுன்டர் பெண் அதை நீக்கிவிட்டுப் பதிந்தார். பிறகு காப்பீட்டுத் திரையில் பெயர் பொருந்தவில்லை. வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் அரைமணி நேரம் காத்திருந்தார். இங்கே பெயர்ப் பெட்டியை எப்படி டெஸ்ட் செய்வீர்கள் என்று கேட்டால், இந்தச் சாய்கோட்டை முதலில் சொல்லுங்கள்.

பழைய கம்பெனி ஜிராவில் இனி நுழைய முடியாது என்பதால், எண்களை உங்கள் அப்ரைசல் படிவங்களிலும் நீங்களே அனுப்பிய ரிலீஸ் மெயில்களின் நினைவிலும் இருந்து எடுங்கள். அங்கே இருக்கும் தோழியிடம் மொத்த எண்ணிக்கை வெளியே சொல்லக்கூடியதா என்று கேளுங்கள். டிபெக்ட் விவரங்களையோ ஸ்கிரீன்ஷாட்டையோ வாங்காதீர்கள். உறுதியாகத் தெரியாத எண்ணுக்கு முன் 'சுமார்' போடுங்கள்.

இன்னொன்று, பெயருக்குக் கீழேயே பாஸ் நிலையைப் போட்டுவிடுங்கள். டிப்பெண்டன்ட் பாஸை மட்டும் வைத்து வேலையில் சேர முடியாது, எடுக்கும் கம்பெனி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதைக் கடைசிச் சுற்றில் சொன்னால் எச்ஆர் முகம் சுருங்கும். முதலிலேயே தெரிந்தால் விண்ணப்பிக்கத் தயாராக உள்ளவர்கள் மட்டும் கூப்பிடுவார்கள்.