தீர்மானத்துல எழுதாத பாகுபாட்டை எப்படிக் காட்டுறது

கேள்வி: நகராட்சி ஒரு வீட்டுத் திட்டத்தை கேன்சல் பண்ணிடுச்சு. அடி வாங்கினது ஒரே இனத்து மக்கள்தான், ஆனா தீர்மானத்துல எந்த இனத்தோட பேரும் இல்ல. ஐநா ஒப்பந்தத்தை வச்சு கேள்வி கேக்க முடியுமா? அவங்களுக்கு மட்டும் தனியா வீடு கேட்டா அதுவே பாகுபாடு ஆகிடாதா?

பதில்: கேக்கலாம். 1965ல வந்த இனப் பாகுபாடு ஒழிப்பு ஒப்பந்தம், முதல் பிரிவுலயே நோக்கத்தை மட்டும் பாக்காம விளைவையும் பாக்குது. இதுக்கு நான் எப்பவும் காட்டுறது ஸ்லோவாக்கியால டோப்ஷினாங்கிற ஊர் கேஸ். அங்க ஐரோப்பாவுல சிறுபான்மை இனமா இருக்கிற ரோமா மக்கள் நிறைய பேர் தண்ணி, சாக்கடை வசதி இல்லாத குடிசையில இருந்தாங்க. 2002 மார்ச்ல நகர மன்றம் குறைஞ்ச செலவுல வீடு கட்டுற திட்டத்துக்கு ஓகே சொல்லுச்சு, உடனே ஊர்ல சுமார் 2,700 பேர் ரோமாக்களுக்கு வீடு கட்டக்கூடாதுன்னு மனுல கையெழுத்து போட்டாங்க, ஆகஸ்ட்ல மன்றம் தீர்மானத்தை ரத்து பண்ணிடுச்சு.

பாதிக்கப்பட்ட ரோமாக்கள் இந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கிற ஐநா கமிட்டிகிட்ட புகார் பண்ணாங்க, அங்க ஸ்லோவாக்கியா அரசு ரெண்டு வாதம் வச்சது. தீர்மானத்துல ரோமான்னு எங்கயும் இல்லைன்னு ஒண்ணு, முதல் தீர்மானம் வெறும் ஆரம்பக்கட்டம்தான், அதனால யாருக்கும் வீட்டு உரிமை வந்துடலைன்னு இன்னொண்ணு. 2005ல கமிட்டி ரெண்டையும் ஏத்துக்கல. மறைமுகப் பாகுபாட்டை சூழ்நிலையை வச்சுதான் நிரூபிக்க முடியும், மனு வந்ததையும் அதுக்கப்புறம் ரத்து ஆனதையும் சேத்துப் பாத்தா காரணம் இனம்தான்னு தெரியுதுன்னு சொன்னாங்க. முக்கியமான ஒரு படி எடுத்து வச்சிட்டு அதை ரத்து பண்ணி, அதைவிட பலவீனமான ஒண்ணைக் கொண்டு வர்றதே உரிமையைக் கெடுக்கிறதுதான், முதல் தீர்மானம் இருந்த நிலைக்கே அவங்களைத் திரும்பக் கொண்டு வரணும்னாங்க.

அதனால நீங்க தேட வேண்டியது தீர்மானத்தைச் சுத்தி இருக்கிறதை. கூட்டத்து மினிட்ஸ், எதிர்ப்பு மனு, தேதி வரிசை, பதிலுக்கு என்ன வந்துச்சு, எல்லாம் எடுங்க. மனுவோட வாசகம் கையில இல்லாட்டி, பாதிப்பு எந்த இனத்து மேல அளவுக்கு மீறி விழுதுன்னு எண்ணிக்கையில காட்டுங்க. அப்ப நகராட்சிக்காரங்க பட்ஜெட் இல்ல, நிலம் சரியில்லன்னு வேற காரணம் சொல்வாங்க, அது உண்மையா, பாதிப்பு கம்மியான வேற வழி இருந்துச்சான்னு திருப்பிக் கேளுங்க.

தனி வீடு விஷயத்துக்கு வருவோம். பின்தங்கின இனத்துக்கு சிறப்பு நடவடிக்கை எடுத்தா அது பாகுபாடு இல்லைன்னு 1(4) சொல்லுது, நிலைமை அப்படி இருந்தா அரசு எடுத்தே ஆகணும்னு 2(2) சொல்லுது. ஆனா தேவை இருக்குன்னு தரவோட காட்டணும், அந்த மக்களையே கலந்து பேசி திட்டம் போடணும், குறிக்கோள் முடிஞ்சதும் நிறுத்திடணும். நான் ரொம்ப பயப்படுறது வீடு எங்க வருதுங்கிறதுக்குத்தான். ஊருக்கு வெளிய தனி காலனியா கட்டினா, உதவிங்கிற பேர்ல அவங்களைப் பிரிச்சு வச்ச மாதிரி ஆகிடும், மூணாவது பிரிவு தடுக்கிறதே அதைத்தான்.

கமிட்டிக்கு தனிநபர் புகார் போடணும்னா, உங்க நாடு 14வது பிரிவுல அதுக்கு சம்மதம் கொடுத்திருக்கணும், உள்நாட்டு வழக்கு வழியெல்லாம் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள போடணும்.