தொப்பைக்கு ஏற்ற சூட்: முதலில் ரைஸ், பிறகு டிராப்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன. கோட் சேர்ந்தால் பேன்ட் சேரவில்லை, பேன்ட் சேர்ந்தால் கோட் தொங்குகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ரைஸ் என்பது கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை பேன்ட்டின் உயரம், பேன்ட் உடம்பில் எங்கே நிற்கும் என்பது அதைப் பொறுத்தது. டிராப் என்பது கோட்டின் மார்பு அளவிலிருந்து பேன்ட்டின் இடுப்பு அளவைக் கழித்தால் வருகிற எண்.

கேள்வி: மார்பு 44 இன்ச், தொப்புள் மட்டத்தில் 45, தொப்பைக்குக் கீழே 41. 44 கோட்டில் பட்டன் போட முடியவில்லை. 48 கோட்டில் பட்டன் போட முடிகிறது, ஆனால் தோள் இறங்கிவிடுகிறது, கை உள்ளங்கை வரை வருகிறது. எதை வாங்குவது?

எந்த இடத்தில் டேப் வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடிகிறது.

48 வேண்டாம். தொப்பைக்காக கோட்டின் சைஸை ஏற்றினால் தோள், கழுத்து, கைக்குழி, நீளம் எல்லாமே கூடவே பெரிதாகிவிடும். வயிற்றைச் சுற்றி இடம் கிடைக்கும், மற்ற எல்லா இடத்திலும் அது வேறொருவர் கோட்டாக இருக்கும். கை நீளத்தைக் குறைத்துவிடலாம். தோளைக் குறைப்பது கோட்டைப் பிரித்து மறுபடி கட்டுகிற வேலை. ஆயத்தக் கோட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

இன்னொன்றையும் பாருங்கள். சூட்டாக வாங்கினால் வழக்கமான டிராப் 6. 48 கோட்டுடன் வருவது 42 பேன்ட். தொப்புள் மட்டத்தில் அது 3 இன்ச் பற்றாது, தொப்பைக்குக் கீழே கட்டினால் 1 இன்ச் தளரும். அதாவது உங்கள் உடம்பில் அதற்கு இடமே இல்லை.

உங்களுக்கு உண்மையில் எத்தனை டிராப்? பேன்ட்டை எங்கே கட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதில் கிடையாது. கீழே கட்டினால் 44-க்கு 41, டிராப் 3. தொப்புளில் கட்டினால் 44-க்கு 45, டிராப் பூஜ்யத்துக்கும் கீழே. ஒரே ஆள், ஒரே உடம்பு, நாலு இன்ச் வித்தியாசம். அதனால்தான் ரைஸை முதலில் முடிவு செய்யுங்கள், டிராப் அதற்குப் பிறகு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என் யோசனை: தொப்புளில் கட்டுங்கள். தோள் 44-ஆகவே இருந்து வயிற்றில் மட்டும் தாராளமாக வெட்டிய கோட்டைத் தேடுங்கள். போர்ட்லி, எக்ஸிகியூட்டிவ் என்று லேபலில் போட்டிருப்பார்கள், டிராப் 2 அல்லது 0 என்று இருக்கும். டிராப் 0 என்றால் பேன்ட் 44. உட்கார்ந்தால் உங்கள் 45 சுமார் 46 ஆகும். பேன்ட்டின் பின் நடுத்தையலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரை, இரண்டு இன்ச் விடுவதற்குத் துணி உள்ளே இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால், ஒரே துணியில் கோட்டும் பேன்ட்டும் தனித்தனியாகக் கிடைக்கிற இடத்தில் 44 கோட், 46 பேன்ட் என்று எடுங்கள்.

தோள் சரியா என்று பார்க்க ஒரு வழி: சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். உங்கள் கை சுவரில் படும் முன்பே கோட்டின் தோள் பஞ்சு பட்டு மடங்கினால் அந்தக் கோட் பெரிது.

கேள்வி: எனக்கு எக்ஸ்எல் சட்டை சேரும். எந்த டிராப் வாங்கலாம்?

சட்டை சைஸ் வைத்து டிராப் சொல்ல முடியாது. மார்பு, தொப்புள், தொப்பைக்குக் கீழே, பின்பக்கம் பருத்த இடமான சீட் என்று நான்கு இடத்தில் டேப் வைத்து எழுதுங்கள். தொப்புள் அளவை உட்கார்ந்தும் எடுங்கள். இதைப் பலமுறை எழுதிவிட்டேன். லேபலில் உள்ள எண்ணையும் எனக்கு அனுப்பாதீர்கள். பேன்ட்டில் 38 என்று போட்டிருந்தாலும் டேப் வைத்தால் 40 வருவது சாதாரணம்.

கேள்வி: என் ரைஸ் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேன்ட் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாடாவை இடுப்பைச் சுற்றிக் கட்டுங்கள். முன்னால் அந்த நாடாவில் ஆரம்பித்து, தொப்பை வளைவின் மேலேயே டேப்பை ஓட்டி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், பின்னால் நாடா வரை எடுங்கள். கடையில் பேன்ட்டின் முன் ரைஸையும் பின் ரைஸையும் அளந்து கூட்டினால் இந்த அளவை ஒட்டி வர வேண்டும். தொப்பை உள்ளவர்கள் முன் ரைஸைத் தனியாகவும் பார்க்க வேண்டும். நேராக மேலே போகிற தூரத்தைவிட வளைவின் மேல் போகிற தூரம் அதிகம். 9 இன்ச் முன் ரைஸ் என்றால் அது தொப்பைக்குக் கீழேதான் நிற்கும். தொப்புளை எட்ட 12-ஓ அதற்கு மேலோ வேண்டியிருக்கும்.

10, 10.5 என்று நடுவில் இருப்பதுதான் தொல்லை. அது தொப்பையின் சரிவில் பாதியில் நிற்கும். சரிவில் எதுவும் நிற்காது, நடக்க நடக்க இறங்கும். ஒன்று முழுவதும் மேலே, இல்லை முழுவதும் கீழே.

கேள்வி: பல வருஷமாக 38 பேன்ட்தான் போடுகிறேன், இன்னும் சேருகிறது. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கோட் பட்டனுக்குக் கீழே சட்டை முக்கோணமாகத் தெரிகிறது. கோட்டை மாற்ற வேண்டுமா?

கோட்டை விடுங்கள், பேன்ட்டைப் பாருங்கள். 38 உங்களுக்குச் சேரவில்லை. தொப்பை முன்னால் வளர வளர, பேன்ட் அதற்கு அடியில் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. இடுப்பெலும்புக்கு மேலே இருந்த இடுப்புப் பட்டி இப்போது அதற்குக் கீழே இருக்கிறது. எண் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. எனக்கு வருகிற கடிதங்களில் நான் மிகவும் வருத்தப்படுவது இதற்குத்தான். அந்த 38-ஐக் காப்பாற்றுவதற்காக எத்தனையோ பேர் நாள் முழுக்கப் பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த எண் பட்டியின் உள்பக்கத்தில் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. பேன்ட் இறங்கி நிற்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

கண்ணாடி முன் பக்கவாட்டில் நில்லுங்கள். பட்டி பின்னால் உயர்ந்தும் முன்னால் தாழ்ந்தும் சாய்ந்திருக்கும். பட்டியின் மேல் விளிம்பு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும். பட்டி இறங்கியதால் கவட்டையும் இறங்கி, தொடைக்கு நடுவே துணி தொங்கும். கால் குட்டையாகத் தெரியும், செருப்பின் மேல் துணி குவியும். உடனே நீளத்தை வெட்டச் சொல்வீர்கள். அதைச் செய்தால், பிறகு பேன்ட்டை மேலே ஏற்றவும் முடியாது.

பெல்ட் ஏன் நிற்கவில்லை? தொப்பையின் அடிப்பக்கம் உள்நோக்கிச் சரிகிறது. அங்கே இறுக்க இறுக்க, பெல்ட் சுற்றளவு குறைந்த இடத்தை நோக்கி, அதாவது கீழே நழுவும். இன்னும் இறுக்குவது இன்னும் இறங்குவதற்குத்தான் வழி.

இப்போது சட்டை முக்கோணம். கோட்டின் பட்டன் ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில், அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். பேன்ட் அதற்கு மூன்று, நாலு இன்ச் கீழே நின்றால் நடுவில் சட்டை தெரியாமல் வேறென்ன தெரியும்? எந்தக் கோட்டாலும் அதை மறைக்க முடியாது. பேன்ட்டை மேலே ஏற்றினால் கோட் திறக்கிற இடத்தில் பேன்ட் துணி வந்து சேரும், முன்பக்கம் மேலிருந்து கீழே ஒரே வரியாகிவிடும். தொப்பையும் துணிக்குள் அடங்கும், பிதுங்காது.

மேலே ஏற்றிய பேன்ட்டைப் பெல்ட்டில் நிறுத்தாதீர்கள். சஸ்பெண்டர் போடுங்கள், கிளிப் வைத்தது வேண்டாம். பட்டிக்கு உள்ளே முன்னால் நாலு, பின்னால் இரண்டு பட்டன் தைத்துக்கொண்டால் போதும். எடையைத் தோள் தாங்குவதால் பட்டி வயிற்றைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அரை இன்ச், ஒரு இன்ச் தளர்வாகவே விடலாம். சாப்பிட்டு எழுந்தாலும் இறுகாது. முதல் இரண்டு நாள் பட்டி மார்புக்கே வந்துவிட்டதுபோல் தோன்றும். கீழே கட்டிப் பழகியதால் வருகிற உணர்வு அது, நாலாவது நாள் இருக்காது.

தொப்பை சிறியது, இடுப்பெலும்பு நன்றாகப் பிடிமானம் தருகிறது என்றால் கீழே கட்டலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் கதை அது இல்லை.

கேள்வி: பேன்ட்டின் முன்னால் பிளீட் மடிப்பு வைத்ததா, வைக்காததா?

தொப்புளில் கட்டுவதென்றால் பிளீட். உட்காரும்போது விரியும், தொப்பையிலிருந்து துணி நேராகத் தொடைக்கு இறங்கும். நிற்கும்போதே பிளீட் வாய் பிளந்தால் பேன்ட் சிறிது.

கேள்வி: 50 கோட்டும் 44 பேன்ட்டும் உள்ள சூட் வாங்கி, கோட்டை மட்டும் சிறிதாக்கினால் என்ன? எனக்கு பேன்ட் 44 சரியாக இருக்கும், ஆனால் இரண்டு கடையில் 44 வேறுவேறு மாதிரி இருந்தது.

கோட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன், தோள் மாறாது. பேன்ட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன், பலருக்கு இது தெரியாது. டிராப் 6-இல் வருகிற 44 பேன்ட்டும் டிராப் 0-இல் வருகிற 44 பேன்ட்டும் ஒன்றில்லை. முதலாவது 50 மார்புள்ள பெரிய உடம்புக்காக வெட்டியது, சீட்டும் தொடையும் அதற்கேற்ப அகலம். இரண்டாவது 44 மார்புள்ளவருக்கு, முன்னால் மட்டும் தொப்பைக்கு இடம் விட்டு வெட்டியது. உங்களுக்கு வயிறு மட்டும் பெரிது என்றால் முதலாவதைப் போட்டதும் பின்பக்கம் பை மாதிரித் தொங்கும். சீட்டைப் பிடித்துக் குறைக்கப் போனால் இரண்டு இன்ச்சுக்கு மேல் பின் பாக்கெட்டுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். இரண்டு கடையில் 44 வேறுவேறு மாதிரி இருந்தது என்று நீங்கள் எழுதியதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: கோட்டின் பின் வெட்டு திறந்தே நிற்கிறது.

பட்டனைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மூடிக்கொண்டால் வயிற்றில் இடம் பற்றவில்லை. பக்கத் தையலிலும் பின் நடுத்தையலிலும் சேர்த்து ஓர் இன்ச் விட்டால் பெரும்பாலும் சரியாகும். பட்டனைக் கழற்றியும் திறந்து நின்றால் சீட்டில் இடம் பற்றவில்லை. அடுத்த முறை இரு பக்கமும் வெட்டு உள்ள கோட் எடுங்கள்.

கேள்வி: பட்டன் போட்டால் முன்பக்கக் கோட் மேலே தூக்குகிறது. தையற்காரர் சரிசெய்வாரா?

பக்கவாட்டில் நின்று கோட்டின் கீழ் விளிம்பைப் பாருங்கள். முன்னால் உயர்ந்து பின்னால் தாழ்ந்தால், தொப்பை வளைவைச் சுற்றிவர முன்துணிக்கு நீளம் பற்றவில்லை. இல்லாத துணியைத் தையற்காரர் சேர்க்க முடியாது. வாங்காதீர்கள். பட்டனிலிருந்து எக்ஸ் போலச் சுருக்கம் மட்டும் வந்து விளிம்பு நேராக இருந்தால், அகலம் விட்டுச் சரிசெய்யலாம்.

கேள்வி: ஆறு மாதத்தில் இளைக்கப் போகிறேன். இப்போதே ஒரு சைஸ் சிறிதாக வாங்கலாமா?

வேண்டாம். இன்றைய உடம்புக்கு வாங்குங்கள். விடுவதற்குத் துணி வேண்டும், பிடிப்பதற்கு வேண்டாம். இடுப்பில் இரண்டு இன்ச் இளைத்தால் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடையில் போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பேன்ட் வெட்டுகிறது. ஏன்?

கடையிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். கோட் பட்டனைக் கழற்றிவிட்டு உட்காரலாம், பேன்ட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால் கோட்டை நின்று பாருங்கள், பேன்ட்டை உட்கார்ந்து பாருங்கள். பாக்கெட்டில் வழக்கமாக வைப்பதையும் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷமாவது உட்காருங்கள். உங்கள் பேன்ட்டில் பின் நடுத்தையலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே துணி இல்லையென்றால், நீளத்தை வெட்டியிருக்காத பட்சத்தில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.