ஜவுளிக்கடை போனால் சம்பளம் எங்கிருந்து வரும்?

கேள்வி: சேலம் பேர்லேண்ட்ஸில் விளம்பர ஏஜென்சி நடத்துகிறேன். என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். போன வருடம் ஜிஎஸ்டி நீங்கலாக 90 லட்சத்துக்குப் பில் போட்டோம். மாதக் கட்டணத்தில் 48, ஆடி, தீபாவளி, காலேஜ் அட்மிஷன், ஏற்காடு ரிசார்ட் மாதிரி சீசன் வேலைகளில் 30, புதியவர்களிடம் 12. ஒரே ஜவுளிக்கடை மட்டும் 22 லட்சம் தருகிறது (மாதம் 1 லட்சம், சீசனில் 10). அவர்கள் ஒப்பந்தம் அக்டோபரோடு முடிகிறது. சம்பளம், என் பங்கு, வாடகை, போனஸ் எல்லாம் பிரித்துப் போட்டால் மாதம் நாலரை லட்சம். ஏப்ரலில் 1.1 கோடி இலக்கு வைத்து, ஒரு டிசைனரையும் சேர்க்கலாமா? வருமானம் குறைந்தால்?

பதில்: 1.1 கோடியை சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், பட்ஜெட்டில் எழுதாதீர்கள். பட்ஜெட்டை எந்தப் பணம் எவ்வளவு உறுதி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாதக் கட்டணம் 48 லட்சத்தில் ஜவுளிக்கடையின் நவம்பர் முதல் மார்ச் வரையான 5 லட்சத்தைக் கழியுங்கள். கையெழுத்து இல்லாத பணம் அது. மிச்சம் 43. சீசன் வேலை திரும்ப வரும், ஆனால் ஒரு கடைக்காரர் இந்த ஆடிக்கு விளம்பரத்தைச் சுருக்கினாலே தொகை மாறிவிடும். அதனால் 30 லட்சத்தில் 70 சதவீதம், அதாவது 21. புதியவர்கள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு, 4. ஆக 68 லட்சம். இது உங்களுக்குக் கஞ்சத்தனமாகத் தெரியும், பரவாயில்லை.

செலவில் மாறாதது 54 லட்சம். சீசன், புது வேலைகளுக்குப் போட்டோகிராபர், பிரிண்டிங், வெளி ஆட்கள் என்று 30 சதவீதம் போகும் என வைத்தால் ஏழரை. மொத்தம் அறுபத்தொன்றரை, ஆறரை லட்சம் மிஞ்சும். ஜவுளிக்கடை அக்டோபரில் விலகினாலும் இந்த வருடம் தாங்கும். ஆடியும் தீபாவளியும் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும் அல்லவா?

அடி விழுவது அடுத்த ஏப்ரலில். அவர்கள் இல்லாமல் அதே கணக்கைப் போடுங்கள்: மாதக் கட்டணம் 36, சீசன் 14, புது வேலை 4, ஆக 54 லட்சம். செலவோ ஐம்பத்தொன்பதரை லட்சத்தைத் தொடும். ஐந்தரை லட்சம் குறை. இந்த வருடம் மிஞ்சும் ஆறரை லட்சம் எதற்கு என்று இப்போது புரியும். அதைத் தனிக் கணக்கில் போட்டு, கேமரா வாங்கக்கூடத் தொடாதீர்கள். டிசைனரும் இப்போது வேண்டாம். உங்களை நீக்கினால் ஒன்பது ஊழியர்கள்; பத்தாவது ஆள் வந்தால் இஎஸ்ஐ, பணிக்கொடை என்று சம்பளத்துக்கு மேல் ஒரு சுமை சேரும். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வருமானம் சரிவதை பேங்க் பேலன்ஸ் தாமதமாகத்தான் சொல்லும். தீபாவளி பில்லுக்கு டிசம்பரில் பணம் வரும்போது கணக்கு நிறைந்திருக்கும், கையில் வேலை இருக்காது. அதற்குப் பதில் மாதம் முதல் தேதியில், அடுத்த மூன்று மாதத்துக்குக் கையெழுத்தான வேலையை வெளிச்செலவு கழித்துக் கூட்டுங்கள். மூன்று மாத நிலையான செலவு பதிமூன்றரை லட்சம். கூட்டல் 11-க்குக் கீழே போனால் முதல் படி: வெளி ஆட்களிடம் கொடுக்கும் வேலையை உள்ளேயே செய்வது, உங்கள் பங்கில் மாதம் 20 ஆயிரம் குறைப்பது. வெளிச்செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் பிடித்தால்கூட, இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 5 லட்சத்தை நெருங்கும். இரண்டு மாதம் தொடர்ந்து 9 லட்சத்திலேயே நின்றால் இரண்டாம் படி: சம்பள உயர்வைத் தள்ளிவைப்பது, யாராவது விலகினால் அந்த இடத்தை நிரப்பாதது. ஆளை அனுப்புவது அதற்கும் பிறகு. இந்த வரிசையை ஏப்ரலிலேயே எழுதிவையுங்கள். நெருக்கடியில் உட்கார்ந்து முடிவெடுத்தால் பெரும்பாலும் இளையவர்தான் முதலில் போவார், உங்கள் பங்கு கடைசியில் குறையும்.

அப்புறம், நல்ல மாதத்திலும் பணம் முட்டும் ஒரு இடம் உண்டு. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால், 6 லட்சத்துக்கு அக்டோபரில் பில் போட்டால் 1.08 லட்சம் ஜிஎஸ்டியை நவம்பர் 20-க்குள் கட்ட வேண்டும், கடைக்காரர் தரவில்லை என்றாலும். சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் அதன் எண்ணை பில்லில் போடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதை மீறி இழுத்தால் அவர்களுடைய வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு அந்த வருடம் கழியாமல் போகலாம். அவர்களின் ஆடிட்டருக்கு இது தெரியும்.

ஜவுளிக்கடையிடம் அக்டோபர் வரை காத்திருக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து ஆடி விற்பனைக் கணக்கு கைக்கு வந்த வாரத்திலேயே புதுப்பிப்பைப் பேசுங்கள். தொகையை உயர்த்திக் கேட்பதைவிட, விலகுவதானால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் வாங்குங்கள்.