மண் தொட்டியா, டிரம்மா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். இரண்டாம் மாடியில் வாடகை வீடு, சின்ன பால்கனி. சமையலறைக் கழிவை வீட்டிலேயே மக்க வைக்கலாம் என்று கடைக்குப் போனால் மூன்றடுக்கு மண் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், தகர டிரம், குழாய் வைத்த வாளி என்று நான்கைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? மீதிக் குழம்பு, சோறு, மீன் முள் எல்லாம் போடலாமா?

பதில்: இரண்டு பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள், ஒவ்வொன்றும் 50 லிட்டர். குழம்பும் மீன் முள்ளும் உள்ளே போகக் கூடாது. சோறு கைப்பிடி அளவுக்குப் பரவாயில்லை.

காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். மக்க மக்க அந்தத் தண்ணீர் வெளியே வரும். அது எந்த வழியாகப் போகிறது என்பதுதான் ஒரு தொட்டிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம்.

சுடுமண் தொட்டியில் அது சுவர் வழியாகவே கசிந்து ஆவியாகிவிடும். அதனால் கொஞ்சம் கவனம் தவறினாலும் நாற்றம் வராது. ஆனால் சித்திரை வெயிலில் உள்ளே இருப்பது காய்ந்து அப்படியே நின்றுவிடும். அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும். வெளிச்சுவரில் உப்பு பூக்கும், வைத்த இடத்தில் தரை ஓடு கறை படியும். வீடு மாற்றும்போது ஓர் அடுக்கு உடைந்தால் அதே அளவில் இன்னொன்று கிடைப்பது கஷ்டம். சொந்த வீடு, நிழலான முற்றம் என்றால் மண் தொட்டியையே சொல்லியிருப்போம். பெயின்ட் அடித்த மண் தொட்டியை மட்டும் எப்போதும் வாங்காதீர்கள். பெயின்ட் சுவரின் துளைகளை அடைத்துவிடும், பிறகு அது கனமான பிளாஸ்டிக் வாளி மாதிரிதான்.

தகர டிரம் வேண்டாம். மக்கத் தொடங்கும் கழிவு முதலில் புளிக்கும். அந்தப் புளிப்பும் ஈரமும் சேர்ந்து அடி விளிம்பிலிருந்து துருவை ஏற்றும். துத்தநாகம் பூசியது கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான்.

குழாய் வைத்த, மூடி இறுக்கமாக மூடும் வாளி வேறு வேலைக்கானது. அதில் நுண்ணுயிர்த் தவிடு தூவி, காற்றே புகாமல் கழிவை ஊறுகாய் மாதிரி புளிக்க வைப்பார்கள். புளித்ததை அப்புறம் மண்ணில் புதைத்தால்தான் உரமாகும். இது தெரியாமல் வாங்கி, தவிடு இல்லாமல் தோலை மட்டும் போட்டு மூடினால் பத்து நாளில் நாற்றத்தில் மூடியைத் திறக்க முடியாது.

பிளாஸ்டிக் டிரம்மில் சுவர் மூச்சு விடாது. ஆகவே ஓட்டையும் காய்ந்த பொருளும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். வாங்கும்போது அடியில் முக்கோணக் குறிக்குள் 2 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது கெட்டியான ரகம், டிரில் போட்டால் விரியாது. பழைய டிரம் விலை குறைவு என்றால், முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆசிட், பூச்சி மருந்து, கிளீனிங் கெமிக்கல் இருந்தது என்றாலோ கடைக்காரர் மழுப்பினாலோ விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த டிரம்மை மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மருந்து நெடி வந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது, பிளாஸ்டிக்கே அதை உறிஞ்சியிருக்கும்.

8 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் சுற்றிலும் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, நான்கு வரிசை ஓட்டை போடுங்கள். அடியில் பத்துப் பன்னிரண்டு போதும். கம்பியைக் காய்ச்சிக் குத்துவதும் உண்டு, ஆனால் புகை ஆகாது. உள்பக்கம் கொசுவலையை ஒட்டி, டிரம்மை இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, கீழே ஒரு தட்டு வையுங்கள். நேர் வெயில் படாத மூலை நல்லது.

அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகு பரப்பி, அதன் மேல் இரண்டு கை பழைய மக்கு உரமோ காய்ந்த சாணமோ தூவுங்கள். அன்றாடம் ஒரு கிண்ணம் கழிவு போட்டால், அதே கிண்ணத்தால் ஒன்று முதல் ஒன்றரை அளவு நொறுக்கிய சருகோ தென்னை நார்த்தூளோ மேலே மூட வேண்டும். நார்த்தூள் கட்டியைச் செடிக்கு ஊற வைப்பதுபோல ஊற வைத்துவிடாதீர்கள். இங்கே அது ஈரத்தை உறிஞ்ச வேண்டியது, உலர்ந்தே உதிர்த்துப் போடுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறினால் போதும்.

இரண்டு டிரம் ஏன்? நான்கு பேர் வீட்டில் தினமும் சுமார் 600 கிராம் தோலும் தண்டும் சேரும். நறுக்கினால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல், சருகும் சேர்த்தால் இரண்டரை லிட்டர். முப்பது நாளில் 75 லிட்டர் ஆக வேண்டும். ஆனால் பழையது அமுங்கிக்கொண்டே வருவதால் 50 லிட்டர் டிரம் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். அது நிறைந்ததும் இரண்டாவதற்கு மாறிவிடுங்கள். இரண்டாவது நிறையும்போது முதலாவதில் இருப்பது கறுத்து உதிரியாகியிருக்கும். அதைச் சாக்கில் கொட்டி இன்னும் இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்தால் மண்வாசனை வரும். வந்த பிறகே செடிக்குப் போடுங்கள்.

ஒரு கை அள்ளிப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. விரலிடுக்கில் ஒழுகினால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் அதே காரணம்தான்: தண்ணீர் தேங்கிக் காற்று போகவில்லை. இரண்டு கிண்ணம் சருகு சேர்த்து அடிவரை கிளறுங்கள், ஒரு நாள் கழிவு போடாதீர்கள். கண்ணைக் கரிக்கும் நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம். நாற்றமும் இல்லை, மட்டமும் இறங்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீரோ தண்ணீர் விட்ட புளித்த மோரோ தெளியுங்கள். வெள்ளைப் பூஞ்சையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

இனி குழம்பு. எண்ணெய் தோலின் மேலும் சருகின் மேலும் படலமாகப் படிந்து காற்றை மறிக்கும். உப்பு மக்கவே மக்காது, உரத்திலேயே தங்கித் தொட்டிச் செடியின் இலை நுனியைக் கருக்கும். சாம்பார்க் காயைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடலாம். சோறு மொத்தையாக விழுந்தால் பசையாகிப் புளிக்கும். உதிர்த்துத் தூவி, இரட்டிப்பாகச் சருகு போட்டு மூடுங்கள். மீனும் எலும்பும் புழுவையும் எலியையும் மாடிக்கு ஏற்றிவிடும்.

சிலவற்றைப் பலர் நல்லது என்று நினைத்துப் போடுகிறார்கள். தச்சுப் பட்டறை மரத்தூளில் பிளைவுட் பசை கலந்திருக்கும். பிளைவுட் இல்லாமல் வெறும் மரம் மட்டும் அறுக்கும் இடத்தில் வாங்கினால் மட்டும் சேருங்கள். ‘மக்கும்’ என்று அச்சிட்ட கவர்கள் பலவும் தொழிற்சாலை அளவு சூட்டில்தான் மக்கும், உங்கள் டிரம்மில் கிழிந்த துண்டாகவே கிடக்கும். டீ பையின் உறையில் பிளாஸ்டிக் இழை இருக்கலாம், பிரித்துத் தூளை மட்டும் கொட்டுங்கள். தேங்காய் ஓட்டுக்கு இங்கே இடமில்லை. எலுமிச்சைத் தோல் ஒன்றிரண்டு நறுக்கிப் போடலாம், பானகம் போட்ட அன்று முழுக்கூடையையும் கொட்ட வேண்டாம். வாழை இலையைக் கிழித்துப் போடுங்கள். முழு இலை படுத்துக்கொண்டால் அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது.