நன்றிக் கடிதத்தில் அந்த 11 நிமிடங்களை எழுதுங்கள்

"எங்கள் பாடசாலைக் கலைவிழாவில் எடுத்த படங்கள் 1,840. கணினிப் பாட ஆசிரியர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அவற்றை வகுப்பு வாரியாகக் கோப்புறைகளில் போட்டுத் தந்தார். முதல் தடவை 6B பிள்ளைகள் 6A-க்குள் கிடந்தார்கள். கமராக் கடிகாரம் 11 நிமிடம் பின்னால் நிற்கிறது என்று சொல்லித் திருத்தினார். 214 படங்கள் மட்டும் `unsorted` என்ற கோப்புறையில் அப்படியே நிற்கின்றன. அவருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், எனக்குக் கணினி தெரியாது. அந்த 214 பற்றிச் சொல்லலாமா?" – தரம் 6 பகுதித் தலைவி, வெள்ளவத்தை

சொல்லலாம், ஆனால் குறையாக அல்ல. அதற்கு அவர் செய்த வேலை என்னவென்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் பெரும்பாலும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரத்தை எழுதி வைக்கும். எந்த வகுப்பு எத்தனை மணிக்கு மேடையேறியது என்ற பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் படத்தை உரிய கோப்புறையில் போடுவதுதான் வேலை. 6A 9:50-க்கும் 6B 10:00-க்கும் ஏறினார்கள் என்று வையுங்கள். 10:05-க்கு எடுத்த 6B படத்தில், பின்தங்கிய கமரா 9:54 என்று எழுதியிருக்கும். அது நேரே 6A-க்குள் போகும். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்றால் விழா முழுவதுமே ஏறக்குறைய ஒரு வகுப்புத் தள்ளிப் போயிருக்கும். ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாது; கோப்புறையைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அவர் பார்த்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவரிடமே கேளுங்கள். சுவர்க் கடிகாரம் தெரியும் படம் ஒன்று அகப்பட்டால், அந்த நேரத்திலிருந்து கமரா எழுதிய நேரத்தைக் கழித்துப் பார்ப்பது வழக்கம். கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவர் வேறு சொன்னால் வரியை மாற்றிவிடுங்கள்.

இனி அந்த 214. கோப்புறையைத் திறந்து பெயர்களைப் பாருங்கள். `IMG-20250314-WA0012.jpg` என்ற மாதிரி நடுவில் `WA` இருந்தால் அவை ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பியவை. சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது வட்ஸ்அப் எடுத்த நேரத்தை நீக்கிவிடும். பெயரில் மிஞ்சுவது தேதி மட்டும். அதை வைத்து வகுப்பை ஊகித்திருந்தால், ஒரு பிள்ளையின் படம் வேறு வகுப்புப் பெற்றோரிடம் போயிருக்கும். ஊகிக்காமல் ஒதுக்கி வைத்தது அவர் யோசித்துச் செய்த காரியம்.

சரி, கடிதம்:

*அன்பின் சேர்,*

*கலைவிழாப் படங்கள் 1,840-இல் 1,626 வகுப்பு வாரியாக வந்து சேர்ந்தன. என் மேசையில் இருந்தால் இரண்டு வார இறுதிகள் போயிருக்கும். 6B பிள்ளைகள் 6A-க்குள் கிடந்ததைக் கண்டதும், மண்டபச் சுவர்க் கடிகாரம் தெரிந்த படத்தை வைத்து 11 நிமிட வித்தியாசத்தைப் பிடித்துத் திரும்ப ஓட்டினீர்கள். அது தெரியாமல் பெற்றோருக்குக் கொடுத்திருந்தால் எனக்குத்தான் தலையிடி. நேரம் தெரியாத 214 படங்களை ஊகித்துப் போடாமல் தனியே வைத்ததற்கும் நன்றி. அவற்றை வகுப்பாசிரியர்களோடு இருந்து நான் பிரித்துக்கொள்கிறேன்.*

*மிக்க நன்றி.*

இந்த அளவு போதும். நான் ஒரு பாடசாலை அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். "தங்கள் அபாரத் திறமைக்கு நன்றி" என்று ஓர் அட்டை வந்தது. நான் செய்தது என்னவென்று எழுதியவருக்குத் தெரியவில்லை என்பதுதான் அதில் தெரிந்தது. "இரண்டு வார இறுதி" என்பது என் கணக்கு. உங்களுக்கு உண்மையில் எவ்வளவு போயிருக்குமோ அதையே எழுதுங்கள். கூட்டி எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, ஒரு பிரதியை அதிபருக்கும் கொடுங்கள். பாடவேளைக்கு வெளியே செய்த வேலை வேறு எங்கும் பதிவாகாது. ஸ்டாஃப் குரூப்பில் போடுவதானால் முதலில் அவரைக் கேளுங்கள். போட்ட அன்றே நாலு பேர் தங்கள் பென் டிரைவோடு வந்து நிற்பார்கள். பிள்ளைகளின் படங்களையோ கோப்புறை லிங்கையோ கடிதத்தோடு சேர்க்க வேண்டாம்.

அடுத்த விழாவுக்கும் செய்து தாருங்கள் என்ற வரியும் இதில் வேண்டாம். நன்றி அப்புறம் விண்ணப்பமாகிவிடும். அதை விழாவுக்கு முந்தின நாள் தனியாகக் கேளுங்கள். அப்போதே எல்லாக் கமராக்களின் கடிகாரத்தையும் உங்கள் போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். படங்களை வட்ஸ்அப்பில் டொகியுமென்டாக அனுப்பும்படி ஆசிரியர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அப்படி அனுப்பினால் எடுத்த நேரம் அழியாது.