கன்று ஏன் மலம் தின்கிறது?

அன்புள்ள ஐயா,

என் மகன் 11-ஆம் வகுப்பு படிக்கிறான். கொஞ்ச நாளாக டியூஷனுக்குப் போகாமல் சுற்றுகிறான், பண விஷயத்தில் பொய் சொல்கிறான். புதிதாகச் சேர்ந்த நண்பன்தான் காரணம் என்கிறார் என் மாமியார். "பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும், பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும்" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறார். இந்தப் பழமொழிகள் உண்மையிலேயே சரிதானா, இல்லை பிள்ளைகளின் வாயை அடைக்கச் சொல்பவையா? அந்த நட்பை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

சுமதி

அன்புள்ள சுமதி,

உங்கள் மாமியார் சொல்லும் இரண்டையும் ஒரே பழமொழியின் இரண்டு பாதிகளாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நிற்கவில்லை.

நார் விஷயம் கண்ணால் பார்க்கக்கூடியது. ஈரமான வாழைநாரில் மல்லிகையைத் தொடுத்தால் நார் மணக்கத்தான் செய்யும். பூவை உதிர்த்துவிட்டு மறுநாள் அந்த நாரை முகர்ந்து பாருங்கள், வாடிய வாடைதான் இருக்கும். ஆக, சேர்ந்திருக்கும்வரை மணக்கும் என்பதற்குமேல் இந்தப் பழமொழியால் எதையும் நிரூபிக்க முடியாது. ஆள் மாறிவிடுவான் என்று அது சொல்லவே இல்லை.

கன்று விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். மாடு மண்ணைத் தின்னும், துணியை மெல்லும், எலும்பைக் கடிக்கும், சாணத்தையும் நக்கும். கால்நடை மருத்துவரைக் கேட்டால் உடம்பில் பாஸ்பரஸ், உப்புச் சத்து போன்றவை குறைந்திருக்கலாம், வயிற்றில் பூச்சி இருக்கலாம் என்பார். தாது உப்புக் கலவை கொடு, பூச்சி மருந்து கொடு என்பார். பன்றியை விரட்டு என்று சொல்ல மாட்டார். நல்ல தீனி கிடைக்காத கன்று குப்பைமேட்டுக்குப் போகிறது. பன்றி அங்கே ஏற்கெனவே நிற்கிறது. பார்ப்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, சேர்க்கையைக் காரணமாக்கிவிடுகிறார். இரண்டையும் அங்கே கொண்டுவந்த பசி அவர் கண்ணில் படுவதில்லை.

இந்த வழக்கை நம் பழைய நூல்களே இரு பக்கமும் வாதாடியிருக்கின்றன. "நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்" என்கிறது குறள். மண் எப்படியோ தண்ணீர் அப்படி, சேர்க்கை எப்படியோ அறிவு அப்படி. நாலடியார் அதே தண்ணீரை எடுத்துக்கொண்டு நேர் எதிராகப் பேசுகிறது: "கடல்சார்ந்தும் இன்னீர் பிறக்கும்", மலையை ஒட்டியும் உவர்நீர் ஊறும், ஆகவே மக்கள் தத்தம் இனத்தைப் போன்றவர்கள் அல்ல, மனத்தைப் போன்றவர்கள். இத்தனைக்கும் நல்லினம் சேர்தல் என்று தனி அதிகாரமே வைத்திருக்கும் நூல் அது.

யார் சொல்வது சரி? கடற்கரை மணலில் கிணறு தோண்டியவர்களுக்குத் தெரியும். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன்மேல் ஒரு படலமாகத் தங்கும். குடத்தால் மொண்டு குடிக்கிறவரை இனிக்கும். மோட்டார் வைத்து நாள் முழுக்க இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். கடல் அங்கேயேதான் இருந்தது. மேலே இருந்த நல்ல தண்ணீர் குறைந்ததுதான் புதிது. இரண்டு நூலையும் நான் இப்படித்தான் சேர்த்துப் படிக்கிறேன்.

இன்னொரு சிக்கல் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. நார் பூவைத் தேடிப் போக வேண்டும் என்கிறோம். பூவிடமோ "தீயாரைக் காண்பதுவும் தீதே" என்று மூதுரையைச் சொல்லி விரட்டுகிறோம். எல்லாத் தாய்மாரும் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், கெட்ட பையன் என்று பெயர் வாங்கியவனுக்கு அவனைப் போன்றவனைத் தவிர யாரும் மிஞ்ச மாட்டார்கள். அந்தப் பையனின் அம்மாவும் உங்கள் மகனைப் பற்றி இதே பழமொழியைச் சொல்லிக்கொண்டிருக்கலாம், யார் கண்டது.

பெயர் வாங்குவது என்றதும் நினைவுக்கு வருவது பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்ற பழமொழி. சேர்க்கை பற்றிய பழமொழிகளில் சோதனைக்கு அசையாமல் நிற்பது இதுதான் என்பேன். குடிப்பவன் மாறுகிறான் என்று அது சொல்லவில்லை. ஊர் தப்பாகக் கணக்குப் போடும், அந்தத் தப்புக்கும் நீ விலை கொடுப்பாய் என்கிறது. குறளும் இதைப் பிரித்தே வைக்கிறது: உணர்ச்சி மனத்தால் வரும், "இன்னான் எனப்படுஞ் சொல்" இனத்தால் வரும். மகனிடம் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். 'நீ கெட்டுப்போவாய்' என்றால் சண்டைக்கு வருவான். 'உன்னைப் பற்றி என்ன பேசுவார்கள்' என்பது அவனுக்கே தெரிந்த விஷயம்.

சரி, வெட்டுவதா வேண்டாமா? முதலில் டியூஷன் வாத்தியாரிடம் அவன் எப்போதிலிருந்து வரவில்லை என்று கேளுங்கள். பணத்தில் முதல் பொய் எப்போது என்பதையும் யோசித்துப் பாருங்கள். இரண்டும் அந்த நட்புக்கு முந்தியவை என்றால் நண்பனை வெட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. பாடம் புரியாமல் போனதா, வேறு ஏதாவது பயமா என்று தேட வேண்டும். நட்புக்குப் பிறகுதான் என்றால் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அப்போதும் முடிவெடுப்பதற்கு முன் அந்தப் பையனை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். மாமியார் முகம் சுளிப்பார், பரவாயில்லை.